பதினைந்தை ஏற்று நான்கை மறுக்கும் பதில் கடிதம்

கேள்வி: 186 பேரின் தூக்க நேரத்தையும் ரத்த அழுத்தத்தையும் ஒரே ஒரு முறை அளந்து கட்டுரை எழுதினோம். மேஜர் ரிவிஷன் என்று திரும்பி வந்திருக்கிறது. 60 நாள் அவகாசம். இரண்டு மதிப்பாய்வாளர்களும் சேர்ந்து 19 கருத்துகள் சொல்லியிருக்கிறார்கள், 15-ஐத் திருத்திவிட்டோம். நான்கை ஏற்க மனம் வரவில்லை. பெண்களிடம் தொடர்பு இல்லை என்று எழுதியிருந்தோம் (ஒரு மணி நேரம் குறைந்தால் 1.2 மி.மீ. உயர்வு, 95% இடைவெளி −0.9 முதல் 3.3, p = 0.26, ஆண்களுக்கு 2.9, 0.3 முதல் 5.5, மொத்தத்தில் 1.9). முதலாமவர் அதற்குப் பவர் கணக்குப் போடச் சொல்கிறார். இரண்டாமவர் தூக்கத்தை 6 மணிக்குக் கீழ், மேல் என்று இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறார்; ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து சேர்க்கச் சொல்கிறார்; ஒரே குழுவின் ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்கிறார். மறுத்தால் நிராகரித்துவிடுவார்களா? எப்படி எழுதுவது?

பதில்:

மறுத்த ஒரே காரணத்துக்காகக் கட்டுரை நிராகரிக்கப்படுவது அரிது. மறுப்புக்கான காரணம் இதழாசிரியருக்கு விளங்காமல் போகும்போதுதான் ஆபத்து. மதிப்பாய்வாளர்கள் பரிந்துரைக்கிறார்கள், முடிவு செய்பவர் இதழாசிரியர். உங்கள் கடிதத்தை முதலில் திறப்பவரும் அவரே. உங்கள் துறையின் ஓரத்தில் நிற்பவராக அவர் இருக்கலாம். உங்கள் கட்டுரையைக் கடைசியாகப் படித்து மூன்று மாதம் ஆகியிருக்கலாம். வேறெந்தக் கோப்பையும் திறக்காமலே, எது கேட்கப்பட்டது, எது செய்யப்பட்டது, எது ஏன் செய்யப்படவில்லை என்பதை அவர் தெரிந்துகொள்ளும்படி கடிதம் இருக்க வேண்டும்.

உங்கள் நான்கு மறுப்புகளுக்கும் பொதுவாக ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு கோரிக்கைக்குப் பின்னாலும் ஒரு கவலை இருக்கிறது. கோரிக்கையை மறுக்கலாம், கவலையை மறுக்கக் கூடாது. கேட்ட வேலையைச் செய்யாவிட்டாலும், அந்தக் கவலைக்குப் பதிலாகக் கட்டுரையில் ஏதோ ஓர் இடம் மாறியிருக்க வேண்டும். பதில் கடிதத்தில் மட்டும் நீளமாக வாதாடிவிட்டுக் கட்டுரையில் ஓர் எழுத்தும் மாற்றாத மறுப்புதான் மதிப்பாய்வாளரை இரண்டாம் சுற்றில் கோபப்படுத்துகிறது. அவருக்கு வந்த ஐயம் நாளை வாசகருக்கும் வரும். வாசகர் கையில் உங்கள் பதில் கடிதம் இருக்காது.

முதலில் அந்தப் பதினைந்தைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். மதிப்பாய்வாளர் எழுதியதை ஒரு சொல்லும் மாற்றாமல், சுருக்காமல் அப்படியே ஒட்டி, 1.1, 1.2, 2.1 என்று எண் கொடுங்கள். ஒரே பத்தியில் மூன்று விஷயம் கேட்டிருந்தால் அதை 1.4அ, 1.4ஆ, 1.4இ என்று உடைத்துவிடுங்கள். உடைத்தால் 19 கருத்து 25-ஐத் தாண்டலாம், பரவாயில்லை. உடைக்காதபோதுதான் மூன்றில் ஒன்று பதிலில்லாமல் நழுவுகிறது. 'கேட்டதைத் தவிர்த்துவிட்டார்கள்' என்று மதிப்பாய்வாளர் நினைக்கும் இடங்களில் பெரும்பாலானவை இப்படி நழுவியவையே. ஒவ்வொன்றின் கீழும் என்ன செய்தீர்கள் என்று ஒரு வாக்கியம், மாறிய வரிகள் மேற்கோள் குறிக்குள், இருக்கும் இடம். ஏற்றுக்கொண்ட கருத்துக்கு இவ்வளவு போதும். 'மிக நுட்பமான, ஆழமான கருத்துக்கு எங்கள் மனமார்ந்த நன்றி' என்று பதினைந்து முறை எழுத வேண்டாம். கடிதத் தொடக்கத்தில் ஒருமுறை நன்றி சொன்னால் போதும். பதினாறாவது நன்றிக்குப் பிறகு வரும் மறுப்பு சடங்குபோலத் தெரியும்.

வரி எண்ணில் மட்டும் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். வேர்டில் டிராக் சேஞ்சஸ் போட்ட பிரதியை All Markup நிலையில் பார்த்தால் நீக்கிய சொற்களும் இடம் பிடித்துக்கொண்டு நிற்கும். No Markup நிலையில் அவை மறைந்து வரிகள் மேலேறிவிடும். ஒன்றில் 142-ஆவது வரியாக இருப்பது மற்றதில் 128 ஆகிவிடும். போதாக்குறைக்கு, இதழின் இணைய அமைப்பு பிடிஎஃப் உருவாக்கும்போது தன் கணக்கில் வேறு வரி எண்ணைப் போடக்கூடும். அதனால் எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகு, கடைசி வேலையாக, பதிவேற்றும் அமைப்பு உருவாக்கித் தரும் பிடிஎஃபைப் பார்த்து எண்களை நிரப்புங்கள். எந்தப் பிரதியின் எண் என்று கடிதத்தின் தலையில் சொல்லிவிடுங்கள். எண்ணோடு 'முறைகள், மூன்றாம் பத்தி' என்று இடத்தின் பெயரையும் சேர்த்தால், எண் பிசகினாலும் ஆள் தடுமாற மாட்டார். லேடெக்கில் எழுதியிருந்தால் மாற்றங்களைக் காட்டும் பிரதியைக் கையால் செய்ய வேண்டியதில்லை:

```
latexdiff old.tex new.tex > diff.tex
```

இந்த வரி நீக்கியதையும் சேர்த்ததையும் வண்ணத்தில் காட்டும் கோப்பைத் தந்துவிடும். அதை வழக்கம்போல் பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளலாம்.

இனி அந்த நான்கு. முதலில் பவர் கணக்கு. நான்கிலும் உங்கள் பக்கம் நியாயம் மிக வலுவாக இருப்பது இதில்தான். உங்கள் கட்டுரையில் இருக்கும் பெரிய பிழையும் இங்கேதான் இருக்கிறது.

பவர் என்பது ஆய்வு தொடங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி. இந்த அளவு வித்தியாசம் உண்மையிலேயே இருக்குமானால், இத்தனை பேரை வைத்து அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு எவ்வளவு? ஆய்வு முடிந்த பிறகு, கிடைத்த வித்தியாசத்தையே அந்தச் சூத்திரத்தில் போட்டால் வருவது புதிய தகவல் அல்ல. P மதிப்பே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. உங்கள் எண்ணையே போட்டுப் பாருங்கள். இடைவெளியின் அகலம் 4.2, அதை 3.92-ஆல் வகுத்தால் திட்டப்பிழை 1.07. 1.2-ஐ அதனால் வகுத்தால் 1.12. முக்கியத்துவக் கோடான 1.96-க்கு இன்னும் 0.84 பாக்கி. இயல்நிலைப் பரவலில் 0.84-க்கு மேல் இருக்கும் பரப்பு 20%. ஆக, பவர் 20%. இந்தக் கணக்குக்கு உங்கள் தரவு தேவைப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். p = 0.26 என்று தெரிந்தாலே 20% வந்துவிடும். p சரியாக 0.05 என்றால் பவர் ஏறக்குறைய 50%. p 0.05-க்கு மேல் போகும் எந்த முடிவுக்கும் இந்தப் பவர் பாதிக்குக் கீழேதான் வரும். 'பவர் குறைவு, அதனால்தான் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று சொல்வது வட்டமடித்துத் தொடங்கிய இடத்துக்கே வருவது. ஹோனிக், ஹெய்சி இருவரும் 2001-இல் 'தி அமெரிக்கன் ஸ்டாட்டிஸ்டீஷியன்' இதழில் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார்கள். மறுப்புக்குத் துணையாக அந்த ஒரு கட்டுரையைச் சுட்டினால் போதும். ஆறு கட்டுரைகளை அடுக்கினால் மதிப்பாய்வாளருக்குப் பாடம் நடத்துவதுபோல் ஆகிவிடும்.

ஆனால் அவர் ஏன் கேட்டார் என்று பாருங்கள். 'பெண்களிடம் தொடர்பு இல்லை' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். −0.9 முதல் 3.3 வரை விரியும் இடைவெளி அப்படிச் சொல்லவில்லை. தொடர்பே இல்லாமலும் இருக்கலாம், ஆண்களுக்குக் கிடைத்த 2.9 அளவுக்கே இருக்கவும் செய்யலாம் என்றுதான் அது சொல்கிறது. ஆண்களிடம் முக்கியத்துவம் உண்டு, பெண்களிடம் இல்லை, ஆகவே இருபாலரும் வேறுபடுகிறார்கள் என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. வேறுபாட்டையே நேராகச் சோதிக்க வேண்டும். 2.9-க்கும் 1.2-க்கும் வித்தியாசம் 1.7. இரண்டு திட்டப்பிழைகளையும் வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுத்தால் ஏறத்தாழ 1.7. எனவே வித்தியாசத்தின் 95% இடைவெளி சுமார் −1.6 முதல் 5.0. பூஜ்யம் அதற்குள் சுகமாக உட்கார்ந்திருக்கிறது. இருபாலருக்கும் வேறுபாடு உண்டு என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை. இந்தக் கைக்கணக்கு தோராயமானது. கட்டுரைக்கு, மொத்தத் தரவில் பாலினத்தையும் தூக்கத்தையும் பெருக்கிய உறுப்பைச் சேர்த்து மாதிரியை ஓட்டி எண்ணை எடுங்கள்.

ஆகவே பவர் கணக்கை மறுக்கும் அதே பதிலில், கேட்டதைவிடப் பெரிய திருத்தம் ஒன்றைச் செய்கிறீர்கள். பதில் இப்படி அமையலாம்:

> 1.3-க்குப் பதில்: பெண்கள் குழுவின் முடிவை நாங்கள் அளவுக்கு மீறி உறுதியாகச் சொல்லியிருந்ததை இக்கருத்து காட்டியது. கிடைத்த விளைவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும் பவர் p மதிப்பிலிருந்தே முழுதும் வருவிக்கப்படுவதால் (ஹோனிக், ஹெய்சி, 2001) அதைச் சேர்க்கவில்லை. அதற்குப் பதிலாக (அ) இருபாலருக்கும் உள்ள வித்தியாசத்தை நேரடியாகச் சோதித்து, இடைவெளியுடன் அட்டவணை 3-இல் தந்துள்ளோம். (ஆ) 'பெண்களிடம் தொடர்பு இல்லை' என்ற வாக்கியத்தைச் சுருக்கத்திலும் முடிவுரையிலும் நீக்கி, 'பெண்களிடம் மதிப்பீடு துல்லியமற்றது. தொடர்பின்மைக்கும் 3 மி.மீ. வரையிலான உயர்வுக்கும் தரவு இடம் தருகிறது' என்று எழுதியுள்ளோம்; (இ) 186 பேர் என்ற எண்ணிக்கை எப்படி வந்தது என்பதை முறைகள் பகுதியில் சேர்த்துள்ளோம்.

மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். உங்களுடையதுபோன்ற ஆய்வுகளுக்கான ஸ்ட்ரோப் பட்டியலின் பத்தாவது இனமே 'ஆய்வின் அளவு எப்படி முடிவாயிற்று' என்பதுதான். முன்கூட்டியே கணக்கிட்டிருந்தால் அந்தக் கணக்கைக் கொடுங்கள். குறிப்பிட்ட காலத்தில் வந்தவர்களையெல்லாம் சேர்த்ததில் 186 ஆயிற்று என்றால் அதையே எழுதுங்கள். இப்போது உட்கார்ந்து ஒரு முன்கணக்கைத் தயாரித்து அதை அன்றே போட்டதுபோல் எழுதுவது பொய்.

அடுத்தது 6 மணிக் கோடு. இதிலும் மறுப்பு நியாயமே. கோடு போட்டதும் 5 மணி 50 நிமிடம் தூங்கியவரும் 6 மணி 10 நிமிடம் தூங்கியவரும் எதிரெதிர்க் கட்சி ஆகிவிடுகிறார்கள். 6 மணி 10 நிமிடக்காரரும் 9 மணி நேரம் தூங்கியவரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். இழப்பு எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு. இயல்நிலையில் பரவிய ஓர் அளவை, தொடர்பு நேர்கோட்டில் இருக்கும்போது, சரியாக நடுவில் வெட்டினால் அது விளக்கும் மாறுபாடு 64 சதவீதமாகச் சுருங்கும். 186 பேரை அளந்துவிட்டு 119 பேரின் தகவலை மட்டும் வைத்துக்கொள்வதற்குச் சமம் அது. நடுவைவிட்டு விலகி ஓர் ஓரத்தில் வெட்டினால் இழப்பு இன்னும் கூடும். அல்ட்மன், ராய்ஸ்டன் இருவரும் 2006-இல் பிஎம்ஜே இதழில் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு இதற்குப் போதுமான துணை.

இப்போது கவலையைத் தேடுவோம். 6 மணிக் கோட்டை ஒருவர் கேட்பதற்கு இரண்டு காரணம் இருக்கக்கூடும். 'ஒரு மணி நேரத்துக்கு 1.9' என்ற சரிவு எண் மருத்துவருக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை என்பது ஒன்று. தொடர்பு நேர்கோடு இல்லையோ, குறைவாகத் தூங்குவோரிடமும் மிக அதிகமாகத் தூங்குவோரிடமும் அழுத்தம் ஏறி நடுவில் இறங்குகிறதோ என்ற ஐயம் மற்றொன்று. இரண்டுக்கும் பதில் சொல்லலாம், வெட்டாமலே. முதலாவதற்கு, 5, 6, 7, 8 மணி நேரத் தூக்கத்துக்கு மாதிரி கணிக்கும் அழுத்தத்தை ஒரு சிறு அட்டவணையில் கொடுங்கள். 7 மணிக்கு 124.0 வருகிறது என்று வைத்துக்கொண்டால், நேர்கோட்டில் 6 மணிக்கு 125.9, 5 மணிக்கு 127.8, 8 மணிக்கு 122.1 வரும். மருத்துவர் பார்த்த உடனே புரிந்துகொள்வார். ஒவ்வொன்றுக்கும் இடைவெளியைச் சேர்க்க மறக்காதீர்கள். ஓரங்களில் ஆட்கள் குறைவு என்பதை அது தானே காட்டிவிடும். இரண்டாவதற்கு, வளைவை அனுமதிக்கும் ஸ்ப்ளைன் மாதிரியை ஓட்டுங்கள். 186 பேரின் தரவுக்கு மூன்று அல்லது நான்கு முடிச்சு போதும். அதற்கு மேல் போட்டால் வளைவு தற்செயலான ஏற்ற இறக்கத்தையெல்லாம் பின்தொடரும். வளைவுக்கு ஆதாரம் இருந்தால் உங்கள் 1.9 என்ற ஒற்றை எண்ணையே மறுபரிசீலனை செய்ய வேண்டிவரும். அதற்குத் தயாராக இருந்துதான் ஓட்ட வேண்டும். முடிவு எப்படி வந்தாலும் படத்தோடு வெளியிடுங்கள்.

நான்கில் ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொன்னால் இதையே சொல்வேன். பிரித்துப் போட்ட அட்டவணையைத் துணைக் கோப்பில் வைப்பதால் கட்டுரை பொய்யாகிவிடாது. ஆனால் முதல் சுற்றிலேயே கொடுக்க வேண்டாம். வளைவும் கணிப்பு அட்டவணையும் போதுமென்று அவர் ஒப்புக்கொள்ளக்கூடும். இரண்டாம் சுற்றிலும் அவர் வலியுறுத்தினால் துணைக் கோப்பில் போட்டு, 'இந்தப் பகுப்பாய்வு முன்கூட்டித் திட்டமிடப்படவில்லை, மதிப்பாய்வின்போது சேர்க்கப்பட்டது' என்று தலைப்பிலேயே எழுதுங்கள். ஸ்ப்ளைனுக்கும் பாலினச் சோதனைக்கும் இதே விதிதான். எது முதலில் இருந்த திட்டம், எது பிறகு வந்தது என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, ஆறு மாத மறு அளவீடு. ஆசிரியர்கள் அதிகம் சறுக்குவது இதில்தான். 'நிதி இல்லை, நேரம் இல்லை, ஆராய்ச்சி மாணவர் போய்விட்டார்' என்று எழுதுவார்கள். அத்தனையும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அவை ஆசிரியரின் சிரமங்கள், அறிவியல் காரணங்கள் அல்ல. இதழாசிரியர் அதைப் படித்து, 'அப்படியானால் தேவையான ஆய்வைச் செய்ய இவர்களால் முடியாது' என்று முடிவெடுத்தால் குறை சொல்ல முடியாது. எழுத வேண்டிய காரணம் வேறு. மறு அளவீடு வேறொரு கேள்விக்கான வேறொரு ஆய்வு. இந்தக் கட்டுரை சொல்லவரும் செய்திக்கு அது தேவையில்லை. பங்கேற்றவர்கள் ஒருமுறை அளக்கத்தான் சம்மதம் தந்தார்கள், மீண்டும் அணுகப் புதிய நெறிமுறை அனுமதி வேண்டும் என்றால் அதையும் ஒரு வாக்கியத்தில் சேர்க்கலாம். அது வெறும் வசதிக்குறைவு அல்ல.

ஆனால் 'இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை' என்று சொல்ல வேண்டுமானால், காலவரிசை தேவைப்படும் எதையும் கட்டுரை சொல்லாமல் இருக்க வேண்டும். இங்கே கோப்பை முதல் வரியிலிருந்து சல்லடை போடுங்கள். 'தூக்கக் குறைவு அழுத்தத்தை உயர்த்துகிறது', 'விளைவு', 'தாக்கம்', 'காரணமாகிறது', 'தூக்கத்தைக் கூட்டினால் குறையும்' என்ற வகைச் சொற்கள் எங்கெல்லாம் ஒளிந்திருக்கின்றன என்று தேடுங்கள். ஆய்வு முடிவுப் பகுதியில் எல்லோரும் திருத்திவிடுவார்கள். தலைப்பிலும், படத்தின் அடியிலும், அட்டவணைத் தலைப்பிலும், சுருக்கத்தின் கடைசி வரியிலும் விட்டுவிடுவார்கள். மதிப்பாய்வாளர் முதலில் பார்ப்பது அந்தக் கடைசி வரியைத்தான். அங்கெல்லாம் 'குறைவாகத் தூங்குவோரிடம் அழுத்தம் கூடுதலாகக் காணப்பட்டது' என்ற அளவில் நிறுத்துங்கள்.

கூடவே, கையிலிருக்கும் தரவிலேயே செய்யக்கூடிய ஒன்று உண்டு. காரணம் தலைகீழாக ஓடுவதற்கு இங்கே தெளிவான வழி இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் போக்கும் மாத்திரை எடுப்பவர் இரவில் எழுந்து எழுந்து போவார். அவருடைய தூக்கம் குறைவது அழுத்த நோயின் சிகிச்சையால். மாத்திரை எடுப்போரை நீக்கிவிட்டு அதே மாதிரியை மறுபடி ஓட்டுங்கள். 1.9 பெரிதும் மாறாவிட்டால் அந்த ஒரு வழி மட்டும் அடைபடுகிறது. மாறினால், அதைச் சொல்வது உங்கள் கடமை. பதிலை இப்படி எழுதலாம்:

> 2.5-க்குப் பதில்: ஒருமுறை அளந்த தரவிலிருந்து எது முந்தியது என்று சொல்ல இயலாது என்பதில் எங்களுக்கு முழு உடன்பாடு. மறு அளவீடு இத்திருத்தத்தில் சேர்க்கப்படவில்லை: அது காலவரிசை பற்றிய தனி ஆய்வாகும், அதற்குப் பங்கேற்பாளரின் சம்மதமும் பெறப்படவில்லை. கட்டுரை தன் தரவுக்குள் நிற்க வேண்டும் என்பதற்காகக் காரணத் தொனியுள்ள சொற்களைத் தலைப்பு, சுருக்கம், இரண்டு படக்குறிப்புகள், முடிவுரை ஆகியவற்றில் மாற்றியுள்ளோம் (வரிகள் கீழே). அழுத்த மாத்திரை எடுப்போரை நீக்கிய பகுப்பாய்வைத் துணை அட்டவணை 2-இல் சேர்த்துள்ளோம். தலைகீழ்க் காரணத்துக்கான வாய்ப்பு வரம்புகள் பகுதியில் தனிப் பத்தியாக இடம்பெறுகிறது.

'வருங்கால ஆய்வுகள் இதை ஆராய வேண்டும்' என்ற ஒரே வரியோடு முடித்துவிடாதீர்கள். அந்த வரி எதையும் திருத்துவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான்காவது, ஐந்து மேற்கோள்கள். ஐந்தையும் முழுதாகப் படியுங்கள். படிக்காமல் மறுப்பதும் படிக்காமல் சேர்ப்பதும் ஒரே குற்றம். ஒவ்வொன்றையும் கையில் வைத்துக்கொண்டு, நம் கட்டுரையின் எந்த வாக்கியத்துக்கு இது ஆதாரம் என்று கேளுங்கள். வாக்கியம் கிடைத்தால் சேருங்கள். கிடைக்காவிட்டால், கட்டுரைக்கு இடம் தேடிப் புதிய வாக்கியம் எழுத வேண்டாம். ஐந்தில் இரண்டு பொருந்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். 'பரிந்துரைத்த கட்டுரைகளைப் படித்தோம். தூக்கத்தைக் கேட்டறிவதற்கும் கருவியால் அளப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பேசும் இரண்டையும் வரம்புகள் பகுதியில் சேர்த்துள்ளோம். மற்ற மூன்றும் குழந்தைகள் பற்றியவை என்பதால் இவ்வாய்வின் வாதத்தோடு நேரடியாகப் பொருந்தவில்லை' என்று எழுதிவிட்டு நகருங்கள். பொருந்தாததற்கு உண்மையான காரணம் எதுவோ அதை அரை வாக்கியத்தில் சொன்னால் போதும்.

ஒரே குழுவின் கட்டுரைகள் என்பதைப் பதில் கடிதத்தில் சொல்லவே கூடாது. அந்தக் கடிதம் அவர் கைக்கே போகும். உங்கள் ஊகம் தவறாகவும் இருக்கலாம். சிறிய துறையில் ஒரே குழுவே நிறைய எழுதியிருப்பதும் உண்டு. சந்தேகம் வலுவாக இருந்தால் அதற்கு வேறு வழி இருக்கிறது. இதழாசிரியருக்கு மட்டும் போகும் பெட்டியிலோ தனி மின்னஞ்சலிலோ, குற்றச்சாட்டு இல்லாமல், உண்மையை மட்டும் எழுதுங்கள்: 'கருத்து 2.7-இல் பரிந்துரைக்கப்பட்ட ஐந்து கட்டுரைகளும் ஒரே ஆசிரியர் குழுவினுடையவை. இரண்டைச் சேர்த்துள்ளோம், மூன்றைச் சேர்க்கவில்லை. தங்கள் கவனத்துக்கு.' மேற்கோள் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகத் தங்கள் கட்டுரைகளைச் சேர்க்கச் சொல்லக் கூடாது என்று பதிப்பு நெறிமுறைக் குழுவான கோப், மதிப்பாய்வாளர்களுக்கு வகுத்த நெறியிலேயே சொல்லியிருக்கிறது. என்ன செய்வதென்று இதழாசிரியருக்குத் தெரியும். முகப்புக் கடிதம் மதிப்பாய்வாளருக்கும் காட்டப்படுமா என்பது இதழுக்கு இதழ் மாறும். ஐயமிருந்தால் அலுவலகத்திடம் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

தொனியில் ஒன்றே ஒன்று. 'மதிப்பாய்வாளர் தவறாகப் புரிந்துகொண்டார்', 'இது ஏற்கெனவே பக்கம் 6-இல் உள்ளது' என்பவை வேண்டாம். கவனமாகப் படிக்க அமர்ந்த ஒருவர் பக்கம் 6-ஐத் தவறவிட்டார் என்றால் அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. 'இது தெளிவாக இல்லை. முறைகள் பகுதியின் தொடக்கத்துக்கு நகர்த்தியுள்ளோம்' என்று எழுதி, நிஜமாகவே நகர்த்துங்கள்.

இதழாசிரியருக்கான அரைப்பக்க முன்னுரையில் மறுப்புகளை மறைக்காதீர்கள். '19 கருத்துகளில் 15-ஐ முழுதாக ஏற்றோம். 2.7-ஐப் பகுதியாக ஏற்றோம். 1.3, 2.4, 2.5 ஆகியவற்றில் கேட்ட பகுப்பாய்வுக்கு மாற்றாக வேறொன்றைச் செய்துள்ளோம். காரணம் உரிய இடத்தில்' என்று எண்களோடு முன்னாலேயே சொல்லுங்கள். கடைசிப் பக்கத்தில் தடுக்கி விழுந்து கண்டுபிடிக்கும் மறுப்பு, தொடக்கத்திலேயே தெரிந்த மறுப்பைவிடப் பெரிதாகத் தெரியும்.

60 நாள் முடியும்வரை காத்திருக்கக் கூடாத ஒன்று உண்டு. முடிவுக் கடிதத்தை இன்னொருமுறை படியுங்கள். மறு அளவீட்டை இதழாசிரியரே தன் வார்த்தைகளில் நிபந்தனையாக எழுதியிருந்தால், வேலையைத் தொடங்கும் முன்பே அவருக்கு நாலு வரி எழுதுங்கள்: 'மறு அளவீடு இல்லாமல், காரணக் கூற்றுகளை நீக்கி, மாத்திரை எடுப்போரை விலக்கிய பகுப்பாய்வோடு அனுப்பினால் பரிசீலிப்பீர்களா?' இல்லையென்று பதில் வந்தால், திருத்திய கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்பலாம்; இரண்டு மாதம் மிச்சம். நிபந்தனையாக எழுதவில்லையென்றால் கேட்க வேண்டாம். கேட்டால் அவர் மதிப்பாய்வாளரிடமே கேட்பார்.

பதிவேற்றும் நாளில், கடிதத்தில் 'சேர்த்துள்ளோம்', 'மாற்றியுள்ளோம்' என்று எழுதிய ஒவ்வொன்றையும் திருத்திய பிரதியில் தேடிப் பாருங்கள். இந்த வேலையைக் கடிதத்தை எழுதாத உடன்-ஆசிரியர் ஒருவரிடம் கொடுங்கள். இதழ் இருபக்கமும் பெயர் மறைத்து மதிப்பாய்வு செய்வதானால், பதில் கடிதத்தின் அடியில் கையொப்பம், 'எங்கள் முந்தைய ஆய்வில்' என்ற சொற்றொடர், வேர்டு கோப்பின் பண்புகளிலும் டிராக் சேஞ்சஸ் குறிப்புகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர் ஆகிய மூன்றையும் நீக்கிய பிறகு அனுப்புங்கள்.